சிவப்பரிசி 20 நிமிடத்தில் வெந்துவிட்டால் அது எந்த அரிசி?

கேள்வி: பாலிஷ் அரிசியிலிருந்து மாறலாம் என்று பிரவுன், சிவப்பு, புழுங்கல் மூன்றிலும் கொஞ்சம் வாங்கினேன். பிரவுன் ஊறவைக்காமல் 50 நிமிடம் கொதித்தும் நடுவில் கடிபடுகிறது. சிவப்போ 20 நிமிடத்திலேயே குழைகிறது. நார்ச்சத்து கூடினால் வேக நேரமாகும் என்கிறார்களே, அப்படியானால் என் சிவப்பரிசியில் நார்ச்சத்து இல்லையா? நான்குக்கும் நிஜமாகவே என்ன வித்தியாசம், ருசி ஏன் இவ்வளவு மாறுகிறது?

பதில்: பாக்கெட்டின் மேல் எழுதியிருப்பதை நம்பலாமா என்பதுதான் உங்கள் சந்தேகம் என்று நினைக்கிறேன். சந்தேகப்பட்டது சரி. நான் அரிசி ஆலைகளுக்குத் தரப் பரிசோதனை செய்யும் வேலையில் பல வருடம் இருந்தவன். மருத்துவரோ உணவியல் நிபுணரோ இல்லை. அதனால் அரிசி மணியைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். அது வயிற்றுக்குள் போன பிறகு நடப்பதைப் பற்றி அடக்கித்தான் பேசுவேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். பிரவுன், சிவப்பு, புழுங்கல், பாலிஷ் என்பவை நான்கு தனித்தனி வகைகள் இல்லை. மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒரே வரிசையில் நிறுத்திவிட்டார்கள். சிவப்பு என்பது நெல் ரகத்தைச் சொல்கிறது: அந்த ரகத்தின் தவிட்டுத் தோல் சிவப்பாக இருக்கும், அவ்வளவுதான். புழுங்கல் என்பது நெல்லாக இருக்கும்போதே ஊறவைத்து ஆவியில் வேகவைத்தார்களா என்பதைச் சொல்கிறது. அப்படிச் செய்யாவிட்டால் அது பச்சரிசி. பிரவுனும் பாலிஷும் உமியை எடுத்த பிறகு தவிட்டை எவ்வளவு தீட்டி எடுத்தார்கள் என்பதைச் சொல்கின்றன. ஆகவே ஒரே அரிசி சிவப்பாகவும் புழுங்கலாகவும் பாதி பாலிஷாகவும் இருக்க முடியும். 'சிவப்பரிசி' என்று மட்டும் எழுதியிருந்தால் மற்ற இரண்டு விஷயங்களும் உங்களுக்குத் தெரியாது. வேகும் நேரத்தைத் தீர்மானிப்பதோ அந்த இரண்டும்தான்.

நெல்லின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை நீக்கியதும் கிடைப்பது பிரவுன் அரிசி. அதன் மேல் மெல்லிய தோலடுக்குகளும், ஒரு முனையில் முளைக்கருவும் ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. பிரவுன் அரிசியின் எடையில் சுமார் 8 முதல் 10 சதவீதத்தைத் தீட்டி எடுத்தால் வெள்ளை வெளேரென்ற பாலிஷ் அரிசி வரும். அந்தக் கொஞ்ச எடைக்குள்தான் நார்ச்சத்தில் பெரும்பகுதியும், எண்ணெயில் பெரும்பகுதியும், பி வைட்டமின்களில் கணிசமான பங்கும் இருக்கின்றன. நிறமும் அங்கேதான். சிவப்பு நெல்லின் பச்சரிசியை முழுதாகத் தீட்டினால் அதுவும் ஏறக்குறைய வெள்ளையாகிவிடும்.

இப்போது உங்கள் 20 நிமிடச் சிவப்பரிசிக்கு வருவோம். நார்ச்சத்து கூடினால் வேக நேரமாகும் என்பது பாதிதான் சரி. நேரத்தைக் கூட்டுவது நாரின் அளவைவிட, தோல் கிழியாமல் முழுதாக இருப்பதுதான். பிரவுன் அரிசியின் வெளித்தோலில் எண்ணெயும் மெழுகுத்தன்மையும் இருப்பதால் தண்ணீர் எளிதில் உள்ளே போகாது. மழைக்கோட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: கோட்டு முழுதாக இருக்கும்வரைதான் நனையாமல் இருக்க முடியும், இரண்டு இடத்தில் கிழிந்தால் போதும். ஆலையில் தீட்டும் கல் ஒரு சுற்று லேசாக உரசினாலே தோலில் கீறல் விழுந்து தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். தவிட்டின் பெரும்பகுதி ஒட்டியே இருக்கும், ஆனால் வேகும் நேரம் மடமடவென்று குறையும். அதனால் 20 நிமிடத்தில் வெந்தது என்பதை மட்டும் வைத்து நார்ச்சத்தே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. அந்த அரிசி முழுத் தவிட்டோடு வரவில்லை, எங்கோ தீட்டப்பட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

எவ்வளவு தீட்டினார்கள் என்பதைக் கண்ணாலேயே ஓரளவு பார்த்துவிடலாம். ஒரு ஸ்பூன் அரிசியை வெள்ளைத் தாளில் பரப்பி, நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் ஒரு லென்ஸை வைத்துப் பாருங்கள். முதலில் மணியின் முனை. தீட்டாத அரிசியில் ஒரு முனையின் ஓரத்தில் முளைக்கரு சின்னப் புள்ளியாக ஒட்டியிருக்கும். நன்றாகத் தீட்டியதில் அந்த இடம் பள்ளமாக, கடித்து எடுத்தது போல் இருக்கும். அப்புறம் மணியின் முதுகு. நிறம் இடைவெளி இல்லாமல் முழுதும் மூடியிருந்தால் தீட்டவில்லை. நீளவாக்கில் சிவப்புக் கோடுகளும் நடுவே வெளிறிய திட்டுகளுமாக இருந்தால் பாதி தீட்டியது. கோடுகூட அபூர்வம் என்றால் தவிடு கிட்டத்தட்ட போய்விட்டது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. சிவப்பு நெல்லைப் புழுக்கும்போது நிறம் கொஞ்சம் உள்ளேயும் இறங்கும். அதனால் சிவப்புப் புழுங்கலரிசியை நன்றாகத் தீட்டிய பிறகும் இளஞ்சிவப்பாகவே தெரியலாம். அதில் நிறத்தை நம்பாமல் முளைக்கருவைப் பாருங்கள். உங்கள் அரிசி கோடும் திட்டுமாக இருக்கும் என்பது என் ஊகம்.

சாயம் போட்டிருப்பார்களோ என்ற கேள்வி இதன் பின்னாலேயே வரும், அதற்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊறவைத்த தண்ணீர் சிவப்பதை வைத்து மட்டும் கலப்படம் என்று முடிவு செய்ய வேண்டாம். அசல் சிவப்பரிசியும் தண்ணீரில் கொஞ்சம் நிறம் விடும். அதற்குப் பதில் மணியை நகத்தாலோ கத்தியாலோ சுரண்டிப் பாருங்கள். நிறம் தோலோடு தூளாக உரிந்து வந்தால் அது தவிடு. தோலே இல்லாத வழவழப்பான மணியில், முளைக்கரு இருந்த பள்ளத்துக்குள்ளும் அதே அழுத்தத்தில் சிவப்பு இருந்து, பச்சைத் தண்ணீரில் போட்டதும் நிறம் சட்டென்று கரைந்தால் சந்தேகப்படலாம். உறுதியாகச் சொல்வதற்கு ஆய்வகம்தான் வேண்டும்.

அடுத்தது கடிபடும் பிரவுன் அரிசி. ஊறவைக்காத முழுத் தவிட்டு அரிசிக்கு 40 முதல் 50 நிமிடம் கொதிப்பது சாதாரணம், பழைய அரிசி என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆனால் உங்கள் பிரச்சினை அடுப்பில் தொடங்கவில்லை, ஊறவைக்காததில் தொடங்குகிறது. உலர்ந்த அரிசியில் 12 முதல் 14 சதவீதம்தான் ஈரம். மாவுச்சத்து வெந்து இளக, மணியின் நடுவரை வெப்பமும் தண்ணீரும் சேர்ந்து போய்ச் சேர வேண்டும். வெப்பம் சில நிமிடத்தில் நடுவுக்குப் போய்விடும். தண்ணீருக்குத்தான் நேரம் வேண்டும். அதை அடுப்புக்கு வெளியே, காசில்லாமல் செய்துகொள்ளலாம். சாதாரணத் தண்ணீரில் என்றால் ஆறேழு மணி நேரம் ஆகும். வெந்நீரில் வேகமாக நடக்கும்.

நான் சொல்லும் முறை இது. ஒரு கப் பிரவுன் அரிசியைக் கழுவி வடித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை கப் கொதிநீரும் ஒன்றரை கப் சாதாரணத் தண்ணீரும் கலந்தால் சுமார் 65 டிகிரி வரும்; அதில் அரிசியைப் போட்டு மூடி இரண்டு மணி நேரம் விடுங்கள். அரிசியைப் போட்டதும் சூடு இன்னும் இறங்கிவிடும் என்பதால் மணி வெளியே வெந்து பிசுபிசுக்காது, தண்ணீர் மட்டும் உள்ளே போகும். பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஆறு கப் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து அரிசியைப் போடுங்கள். 25 நிமிடத்தில் பார்க்கத் தொடங்குங்கள், பெரும்பாலும் 30-க்குள் முடிந்துவிடும். வடித்து, மூடியைப் போட்டு, அடுப்பை அணைத்து 10 நிமிடம் அப்படியே வையுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மணியின் வெளிப்பக்கம் இருக்கும் அதிக ஈரம் உள்ளே பரவி ஒரே சீராவது அப்போதுதான். இரவு முழுதும் ஊறவைப்பதானால் வெயில் காலத்தில் தண்ணீர் புளித்துவிடும், குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

குக்கரில் வைப்பவர்கள் விசிலை எண்ணுவதை இந்த அரிசியில் விட்டுவிடலாம். ஒவ்வொரு குக்கரும் ஒவ்வொரு வேகத்தில் விசில் அடிக்கும், என் ஐந்து விசில் உங்கள் குக்கரில் எட்டாக இருக்கலாம். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, ஊறாத பிரவுனுக்கு 20 முதல் 25 நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்து வைத்து, அழுத்தம் தானாக இறங்கும்வரை திறக்காமல் இருங்கள். அழுத்தம் ஏறியதும் உள்ளே ஏறக்குறைய 120 டிகிரி சூடு இருக்கும் என்பதால்தான் நேரம் பாதியாகிறது.

வெந்துவிட்டதா என்று பார்க்க ஆய்வகத்தில் ஒரு எளிய சோதனை செய்வோம், வீட்டிலும் செய்யலாம். பத்து மணிகளை எடுத்து இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். வேகாத இடம் நடுவில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். பத்தில் ஒன்பது மணிகளில் புள்ளி இல்லையென்றால் வெந்தாயிற்று. பிரவுனிலும் சிவப்பிலும் தோல் நீளவாக்கில் வெடித்திருப்பதும் நல்ல அடையாளம். புழுங்கலரிசிக்கு மட்டும் இந்தச் சோதனை சரிவராது, ஏனென்றால் அதன் மணி வேகவைக்கும் முன்பே கண்ணாடி மாதிரிதான் இருக்கும். அதைக் கடித்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் கண்ணாடித்தனம் எங்கிருந்து வருகிறது என்றால், புழுக்கும்போதே மாவுச்சத்து ஒரு தடவை வெந்து, இளகி, காயும்போது இறுகிவிடுகிறது. அதனால்தான் 'ஏற்கெனவே பாதி வெந்தது, சீக்கிரம் வேகும்' என்று பலர் நினைப்பதற்கு நேர்மாறாக நடக்கிறது. பாலிஷ் செய்த பச்சரிசி 15 நிமிடத்தை ஒட்டி வெந்தால், அதே ரகத்தின் பாலிஷ் செய்த புழுங்கலுக்கு 20 முதல் 30 நிமிடம் வரை ஆகலாம். எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் புழுக்கினார்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். மஞ்சள் கூடிய மணி பொதுவாக அதிகம் புழுக்கியது, நேரமும் கூட எடுக்கும். இறுகிய மணியின் இன்னொரு குணம், வெந்த பிறகும் குழையாமல் உதிர் உதிராக நிற்பது. ஐந்து நிமிடம் மறந்தாலும் மன்னித்துவிடும். பச்சரிசி மன்னிக்காது.

புழுங்கலைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு: தவிட்டுச் சத்தெல்லாம் உள்ளே போய்விடுவதால் அது பிரவுனுக்குச் சமம் என்பது. உள்ளே போவது தண்ணீரில் கரையும் சத்துகள்தான், முக்கியமாக தயமின் என்ற பி1 வைட்டமின். நெல் ஊறும்போது அது தவிட்டிலிருந்து மணிக்குள் இறங்குகிறது, பிறகு தீட்டினாலும் கணிசமாகத் தங்கிவிடுகிறது. இது சின்ன விஷயம் இல்லை. 1890-களில் ஜாவாவில் வேலை பார்த்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான், தீட்டிய அரிசியை மட்டுமே தின்ற கோழிகளுக்கு பெரிபெரி மாதிரியான நரம்பு நோய் வருவதையும், தவிட்டோடு கொடுத்தால் அது தீர்வதையும் கவனித்தார். வைட்டமின் ஆராய்ச்சிக்கு வழி திறந்த வேலை அது; 1929-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனால் நார் தண்ணீரில் கரைந்து நகராது. அது தோலிலேயே இருக்கும், தோலோடு ஆலையில் போய்விடும். ஆகவே பாலிஷ் செய்த புழுங்கலரிசி வைட்டமினில் பாலிஷ் பச்சரிசியைவிட நன்றாக மேலே இருக்கும், நாரில் கொஞ்சம்தான் மேலே இருக்கும். அந்தக் கொஞ்சமும் பெரும்பாலும் இறுகிய மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காமல் நாரைப் போல நடந்துகொள்வதால் வருவது.

எண்ணில் சொல்வதானால், 100 கிராம் சமைக்காத அரிசியில் பிரவுனுக்கு மூன்றரை முதல் நாலரை கிராம் நார்ச்சத்து இருக்கும். பாலிஷ் பச்சரிசிக்கு ஒன்று முதல் மூன்று கிராமுக்குள், பாலிஷ் புழுங்கலுக்கு அதைவிடச் சற்றுக் கூட. தீட்டாத சிவப்பரிசி பிரவுனோடு ஏறக்குறைய சமம்தான். சிவப்பு நிறம் நாரைக் கூட்டுவதில்லை. அது டானின் வகையைச் சேர்ந்த நிறமிகளைத்தான் கூடுதலாகக் கொண்டுவருகிறது. பழைய அட்டவணைகளிலும் சில பாக்கெட்டுகளிலும் 0.2 கிராம் என்று பார்த்தால் பயப்படாதீர்கள். அது அமிலத்திலும் காரத்திலும் கொதிக்கவைத்து மிஞ்சுவதை மட்டும் எண்ணும் பழைய அளவீட்டு முறை. இப்போதைய மொத்த நார்ச்சத்துக் கணக்கோடு அதை ஒப்பிடக்கூடாது.

இந்த எண்களை ஒரு வேளைச் சாப்பாட்டில் வைத்துப் பாருங்கள். 75 கிராம் அரிசியைச் சமைத்தால் சுமார் 200 கிராம் சோறு வரும். அதில் பிரவுன் என்றால் மூன்று கிராம் நார், பாலிஷ் என்றால் ஒன்று முதல் இரண்டு. வித்தியாசம் ஒன்று முதல் இரண்டு கிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும் என்று சொல்கிறார்கள். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் தோலோடு உள்ள பயறில் நாலைந்து கிராம் நார் இருக்கிறது. அதனால் நாருக்காக மட்டும் பிடிக்காத அரிசியை வீட்டில் எல்லோர் மேலும் திணிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாருடன் வைட்டமின், மக்னீசியம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மாறுவதற்குக் காரணம் இருக்கிறது. பாதி தீட்டிய உங்கள் சிவப்பரிசி இந்த இடத்தில் மோசமான சமரசம் இல்லை.

ருசிக்கு வருவோம். பிரவுனின் கொட்டை வாசனையும் லேசான இனிப்பும் தவிட்டு எண்ணெயிலிருந்தும் முளைக்கருவிலிருந்தும் வருவது, மெல்லும்போதுதான் தெரியும். சிவப்பில் அதோடு டானினின் லேசான துவர்ப்பு சேரும். பாலிஷுக்கு வாசனை குறைவு, கூட வரும் குழம்பை மறைக்காது என்பதே அதன் பலம். புழுங்கலுக்கு ஒரு தனி மணம் உண்டு. அது நெல்லை ஊறவைத்த விதத்தைப் பொறுத்தது: பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறிய நெல் புளித்து நாறும், வெந்நீரில் சில மணி நேரம் மட்டும் ஊறியதில் அந்த நாற்றம் அவ்வளவாக இருக்காது. சோறு ஒட்டுமா உதிருமா என்பதோ தவிட்டைவிட ரகத்தின் மாவுச்சத்தைப் பொறுத்தது. மாவுச்சத்தில் அமிலோஸ் என்ற ஒரு பகுதி உண்டு; அது கூடிய ரகம் உதிரும், குறைந்த ரகம் ஒட்டும். ஆகவே ஒரு ரகத்தின் பிரவுனையும் வேறு ரகத்தின் பாலிஷையும் சமைத்துவிட்டு 'பிரவுன் இப்படித்தான்' என்று சொல்வது சரியான ஒப்பீடு ஆகாது.

பிரவுன் பிடிக்கவில்லை என்பவர்களில் பலர் சாப்பிட்டது கெட்டுப்போன பிரவுன் என்பது என் அபிப்பிராயம். உமி நீங்கும்போது தவிட்டு அடுக்குகள் கசங்கி, அதிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். சாதாரண அறைச் சூட்டில் நல்ல பிரவுன் அரிசிக்கு ஆறு மாதம் வரைதான் கணக்கு, வெப்பமான இடத்தில் அதற்கும் குறைவு. பாக்கெட்டைத் திறந்ததும் மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். காய்ந்த வைக்கோல் மாதிரி லேசாக மணந்தால் சரி. பெயின்ட்டோ சோப்போ பழைய எண்ணெயோ நினைவுக்கு வந்தால் எவ்வளவு கழுவினாலும் கசப்பு போகாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாலிஷ் அரிசியில் எண்ணெய் அதிகம் இல்லாததால் அது வருடக்கணக்கில் தாங்கும். தீட்டாத புழுங்கலும் பச்சைப் பிரவுனைவிட நாள்படத் தாங்கும், ஏனென்றால் புழுக்கும் சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடுகிறது.

சர்க்கரை விஷயத்தை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பவர்கள் வருவார்கள். பாலிஷ் பச்சரிசியைவிடப் பிரவுனும் புழுங்கலும் ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் ரகம், அமிலோஸ், எவ்வளவு குழைய வேகவைத்தோம் என்பதைப் பொறுத்து வித்தியாசம் அவ்வளவு மாறுகிறது, குழைந்த பிரவுன் உதிரான புழுங்கலைவிட வேகமாக ஏற்றவும் கூடும். நீரிழிவு இருப்பவர்கள் பாக்கெட்டை நம்புவதைவிட, அளந்து சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் தங்கள் கருவியில் பார்த்து, மருத்துவரிடம் காட்டுவது நல்லது. சின்னக் குழந்தைகளுக்குத் தினமும் பிரவுன் மட்டுமே கொடுப்பதானால் இன்னொன்றையும் யோசியுங்கள்: நெல் மண்ணிலிருந்து இழுக்கும் ஆர்செனிக் தவிட்டில்தான் அதிகம் சேர்கிறது. நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் அதில் ஒரு பகுதி போய்விடும், கூடவே கரையும் வைட்டமின்களிலும் கொஞ்சம் போகும். மேலே ஆறு கப் தண்ணீர் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.